'ராவ் பகதூர்' பட்டம் எந்த வருஷம் வந்தது? கெஜட் சொல்லும் கதை

பழைய கட்டடக் கல்வெட்டிலோ கல்யாணப் பத்திரிகையிலோ 'ராவ் பகதூர்' என்று ஒரு பெயர் தொடங்கினால், ஏதோ ராஜ பரம்பரை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பிரிட்டிஷ் அரசு தனி மனிதருக்குக் கொடுத்த கௌரவம். மகனுக்குப் போகாது. அந்தப் பட்டம் எந்த வருஷம் வந்தது என்பதைப் பிடித்துவிட்டால், அதைச் சுற்றிச் சொல்லப்படும் கதைகளில் எது நிற்கும், எது நிற்காது என்று சோதித்துவிடலாம்.

முதலில் படிநிலை. கீழ்ப்படி 'சாகிப்', அதற்கு மேல் 'பகதூர்'. தென்னிந்திய இந்துக்களுக்கு 'ராவ்', வட இந்தியாவில் 'ராய்', முஸ்லிம்களுக்கு 'கான்' என்று முன்னொட்டு மட்டும் மாறும். ராவ் பகதூருக்கும் மேலே 'திவான் பகதூர்'. மேல்படி கிடைத்ததும் பழைய பட்டத்தை எழுத மாட்டார்கள். அதனால்தான் ஒரு கல்வெட்டில் 'ராவ் சாகிப்' என்று மட்டும் இருந்தால், அவர் பகதூர் ஆவதற்கு முன்னால் செதுக்கியது என்று ஊகிக்கலாம்.

எங்கே தேடுவது? பலர் நேராக லண்டன் கெஜட்டுக்குப் போய், பெயர் இல்லை என்றதும் 'பட்டமே பொய்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 'சர்' பட்டமும் சி.ஐ.இ. போன்றவையும் மன்னர் கொடுத்தவை. அவை அங்கே இருக்கும். ராவ் பகதூர் வகைப் பட்டங்களைக் கொடுத்தவர் வைஸ்ராய். அதனால் பார்க்க வேண்டியது இந்திய அரசின் கெஜட். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் அதைக் கேட்கலாம். அந்தக் காலப் பத்திரிகைகளும் பட்டியலை வெளியிட்டன.

நல்ல விஷயம், வருஷம் முழுக்கப் புரட்ட வேண்டியதில்லை. வழக்கமான பட்டியல் வருஷத்துக்கு இரண்டுதான்: ஜனவரி 1 புத்தாண்டுப் பட்டியல், மன்னர் பிறந்தநாள் பட்டியல். மன்னர் மாறினால் இரண்டாவது தேதியும் மாறும். ஐந்தாம் ஜார்ஜுக்கு ஜூன் 3. இதற்கு வெளியே 1911 டெல்லி தர்பார் போன்ற சிறப்புப் பட்டியல்கள் உண்டு.

தேடலைச் சுருக்க ஒரு வழி இருக்கு. அவர் பெயர் வரும் சட்டசபை நடவடிக்கைக் குறிப்பு, நகராட்சி அறிக்கை போன்றவற்றை வருஷ வரிசையில் வையுங்கள். பட்டம் இல்லாமல் கடைசியாக வந்த ஆவணத்துக்கும், பட்டத்தோடு முதலில் வந்த ஆவணத்துக்கும் இடையில் உள்ள பட்டியல்களை மட்டும் பார்த்தால் போதும்.

இரட்டைமலை சீனிவாசனை எடுத்துக்கொள்வோம். 1926-ல் ராவ் சாகிப், 1930-ல் ராவ் பகதூர், 1936-ல் திவான் பகதூர். 1930 என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது லண்டன் வட்டமேஜை மாநாடு. அம்பேத்கரோடு அவரும் அதில் கலந்துகொண்டார். 'மாநாட்டுக்குப் போனதற்குக் கிடைத்த பரிசு' என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும். ஆனால், மாநாடு தொடங்கியது நவம்பரில். அந்த வருஷத்தின் இரண்டு பட்டியல்களும் ஜனவரியிலும் ஜூனிலும் வந்துவிட்டன. மாநாட்டுக்கு அரசு அவரைத் தேர்ந்தெடுத்தபோதே அவர் ராவ் பகதூர்! முதல் பட்டம் அதற்கும் முந்தையது. 1923-லிருந்து அவர் சென்னை சட்டமன்ற மேலவையில் இருந்தார். பொதுச் சாலை, கிணறுகளை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-ல் கொண்டுவந்தார். அரசு அவரை கவனிக்கத் தொடங்கியது இந்தக் காலத்தில் என்று வருஷங்கள் காட்டுகின்றன. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதை அவை சொல்லாது.

கெஜட்டும் சொல்லாது. அதில் இருப்பது பெயர், பதவி, ஊர் அல்லது மாவட்டம். ஆனால், ஒரே பட்டியலை முழுசாகப் படித்துப் பாருங்கள்: நகராட்சித் தலைவர், கௌரவ மாஜிஸ்திரேட், அரசு வக்கீல், ஓய்வு பெறப்போகும் டெபுடி கலெக்டர் என்று வரிசையாக வரும். அரசு யாரைத் தன் ஆளாக நினைத்தது என்பது தனி ஒருவரின் வரியைவிட அந்த வரிசையில் தெளிவாகத் தெரியும்.

சறுக்கும் இடங்களும் உண்டு. பெயர்களை அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். 'பிள்ளை', 'முதலியார்' எல்லாம் பல விதமாக வரும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பதவியும் ஊரும்தான் அடையாளம். வீட்டில் மாட்டியிருக்கும் சனது எனும் பட்டயத்தின் தேதியும் ஏமாற்றலாம். அறிவிப்பு முதலில், கலெக்டர் விழா வைத்துப் பட்டயம் கொடுப்பது பிறகு. டிசம்பருக்கு அப்புறம் விழா என்றால் வருஷமே மாறிவிடும்.

இன்னொன்று, பட்டம் ஆவணங்களில் திடீரென்று காணாமல் போனால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் பட்டங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 1946-ல் முஸ்லிம் லீக்கும் அதையே கேட்டது. 1947-க்குப் பிறகு புதிதாகக் கிடைத்த 'ராவ் பகதூர்' என்று யாராவது காட்டினால், கெஜட்டைத் திறக்கவே தேவையில்லை.