சட்டைப் பையில் அளவியல்

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ஏழாவது பாடம் அளவியல். சூத்திரங்கள் ஏராளம், எல்லாமே π-யும் r-உம் கலந்து ஒன்றுபோலவே இருக்கும். தேர்வு நாள் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் புத்தகம் புரட்ட முடியாது. மடிப்பு அட்டை அப்போதுதான் உதவும்.

ஓர் ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக வெட்டுங்கள். கிடைத்த பட்டையை விசிறிபோல் மாற்றி மாற்றி மடித்தால் நான்கு கட்டங்கள் வரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7.4 செ.மீ. அகலம், 10.5 செ.மீ. உயரம். சட்டைப் பையில் அடங்கிவிடும். முதலில் மடித்துவிட்டுப் பிறகு எழுதுங்கள். இல்லாவிட்டால் மடிப்புக்கோடு சூத்திரத்தின் நடுவே ஓடி, நாலு தடவை பிரித்ததும் அந்த இடம் அழிந்துபோகும்.

முன்பக்கக் கட்டங்களில் உருளை, கூம்பு, கோளமும் அரைக்கோளமும், இடைக்கண்டம் என்று படங்களை மட்டும் வரையுங்கள். ஆரம், உயரம், சாயுயரம் எங்கே என்று குறியுங்கள். சூத்திரங்கள் அந்தந்தக் கட்டத்தின் பின்பக்கம். படத்தைப் பார்த்து மனசுக்குள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் கண் வாசிக்கும், மனசு சும்மா இருக்கும்.

கடைக் கட்டம்தான் முக்கியம். இடைக்கண்டத்தின் கன அளவு:

V = (πh/3)(R² + Rr + r²)

இதில் r = 0 என்று போட்டால் மேல்பக்கம் கூராகிக் கூம்பு கிடைக்கும்: πR²h/3. R = r என்று போட்டால் அடைப்புக்குள் 3r² வந்து, உருளையின் πr²h ஆகும். ஒரு வரி மூன்று வடிவங்களைச் சுமக்கிறது.

பலர் பழக்கதோஷத்தில் (R + r)² நினைவில் வந்து நடுவில் 2Rr என்று எழுதிவிடுவார்கள். r = 0 சோதனை இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் நடு உறுப்பே மறைந்துவிடுகிறது. R = r போட்டுப் பாருங்கள். உருளைக்குரியதைவிடப் பெரிதாக 4πr²h/3 வரும், தவறு தெரிந்துவிடும். அதனால் 'R = r' என்பதை அந்தச் சூத்திரத்தின் பக்கத்திலேயே சிறிதாக எழுதி வையுங்கள். கூம்பின் வளைபரப்பு πrl-இல் வருவது சாயுயரம், கன அளவில் வருவது நேர் உயரம். l-ஐச் சிவப்பில் எழுதினால் குழம்பாது.

மைக்ரோ ஜெராக்ஸ் எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஏ4 பக்கத்தை இந்தக் கட்ட அளவுக்குச் சுருக்கினால் 4 மி.மீ. எழுத்து ஒன்றரை மி.மீ.கூட இருக்காது. குலுங்கும் பஸ்ஸில் அடுக்கு 2-ஆ 3-ஆ என்றே தெரியாது. கையால் எழுதுவதே பாதிப் படிப்பு.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் புத்தகப் பைக்குள் போட்டுவிடுங்கள். தேர்வறைக்குள் பையில் இருந்தால் அதற்குப் பெயர் பிட்.