கல்யாணத்துக்கு அவரையும் அழைக்கலாமா?

பெரியம்மா மகளின் திருமண அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உறையின் மேல் அப்பா பெயரும் 'குடும்பத்தினர்' என்ற சொல்லும் இருந்தன. உள்ளே, வழக்கம்போல, 'சுற்றமும் நட்பும் சூழ' வருமாறு கேட்டிருந்தார்கள். நான் அப்போது ஒருவரோடு ஆறு வாரங்களாகப் பழகிக்கொண்டிருந்தேன். அவர் சுற்றமும் இல்லை, வெறும் நட்பும் இல்லை.

வெள்ளைக்காரர் திருமணங்களில் 'பிளஸ் ஒன்' என்று விருந்தாளிக்குத் துணையாக ஒரு நாற்காலி ஒதுக்குவார்கள். அந்தத் துணை யார் என்று பெரும்பாலும் யாரும் துருவுவதில்லை. நம் மண்டபத்தில் அப்படி நடக்குமா? "யாரு வீட்டுப் பிள்ளை? எந்த ஊரு?" என்று முதல் பாட்டி கேட்டு முடிப்பதற்குள் இரண்டாவது பாட்டி முடிவுக்கே வந்துவிடுவார்.

என் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. உறவுக்கார அண்ணன் ஒருவர், பழகிய இரண்டாம் மாதமே ஒரு பெண்ணைத் தன் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு அழைத்து வந்து, குடும்பப் படத்திலும் நிற்க வைத்தார். நான்கு மாதத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். படம் இன்னும் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. தீபாவளிக்குப் போகிறவர்களில் யாராவது ஒருவர் "அந்தப் பொண்ணு வரலையா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. அண்ணனைவிட அந்தப் பெண்ணை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். அவர் ஒரு மாலை விருந்துக்கு மட்டுமே வந்தவர்.

அக்காவிடமே கேட்டேன். அவர் நாளைக் கேட்கவில்லை, "எதுக்குக் கூப்பிடப் போற?" என்றார். அப்போதுதான் புரிந்தது, நம் கல்யாணம் ஒரு நிகழ்ச்சி இல்லை, மூன்று. முதல் நாள் இரவு வீட்டில் நலுங்கு. மஞ்சள் பூசுவதும் ஆலத்தி எடுப்பதும் நெருங்கிய உறவினர்கள். மறுநாள் காலை தாலி கட்டுவது ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலில். 1833இல் எழுந்த அந்தக் கோவில் பெரியதல்ல. மணவறையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லார் கண்ணிலும் படுவார்கள், கேமராவிலும் விழுவார்கள். மாலையில் மண்டபத்தில் விருந்து. அதற்குத்தான் அப்பாவின் வேலையிடத்துச் சீன நண்பர்கள், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், எங்கள் வகுப்புத் தோழர்கள் எல்லாரும் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு புதியவர் நண்பராகவே உட்கார்ந்து சாப்பிட்டுப் போகலாம்.

ஆறு வாரப் பழக்கத்துக்கு நலுங்கும் கோவிலும் அதிகம், விருந்து சரி என்று முடிவு செய்தேன். மேசைக்குப் பத்துப் பேர் என்று கணக்கு. சமையல்காரரிடம் எண்ணிக்கை சொல்லும் முன்பே பெரியம்மாவுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கும் முன்பு அம்மாவுக்கு. இதுதான் கடினமான பகுதி. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "நண்பர்தானே?" என்றார். "இப்போதைக்கு" என்றேன். தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "யாராச்சும் கேட்டா நானும் அதையே சொல்றேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வேண்டியிருந்தது. தாய்க்குத் தெரியாமல் வருபவரைப் பற்றித்தான் மண்டபத்தில் கதை பிறக்கும்.

அவரைத் தனியாக வரச் சொல்லாமல், எங்கள் வகுப்புத் தோழிகள் இருவரோடு சேர்த்து அழைத்தேன். அப்படியும் ஒன்றை மறந்துவிட்டேன். நான் மணப்பெண்ணின் தங்கை; வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டோடு நிற்க வேண்டியவள். தோழிகள் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்தவர் முக்கால் மணி நேரம் என் மாமாவிடம் தனியாக மாட்டிக்கொண்டார். அப்பா என்ன வேலை, சொந்த வீடா, எந்தக் கோவில் திருவிழாவுக்குப் போவீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். நான் தூரத்திலிருந்து பார்த்தேன்; தட்டை யாரிடமும் கொடுக்க முடியவில்லை. அழைத்தவருக்கு அன்று வேலை இருந்தால், வந்தவரோடு யார் உட்காருவார் என்பதையும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

படம் எடுக்கும் நேரத்தில் சித்தி, "தம்பியும் வாங்க" என்று கையைப் பிடித்தார். அவர் சிரித்துக்கொண்டே, "நான் எடுத்துத் தர்றேங்க" என்று சித்தியின் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

மறுநாள் பெரியம்மா வீட்டில் மொய் உறைகளைப் பிரித்தோம். பெரியப்பா பெயர்களை வாசிக்க, நான் நோட்டில் எழுதினேன். அவருடைய உறை வந்தது. "இது யாரு, நம்ம பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?" என்றார் பெரியப்பா.

அம்மா நிமிர்ந்து பார்க்காமல், "பாப்பாவோட கூடப் படிக்கிற பிள்ளை. நண்பர்கள் பக்கத்துல எழுது" என்றார். எழுதினேன்.