தேர்வு பச்சை, விடுமுறை சிவப்பு

ஒரு பள்ளியின் இணையதளத்துக்கு இரண்டு வண்ண மாதிரிகள் ஸ்கிரீன்ஷாட்டாக வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதிரியில் ஆரஞ்சுப் பட்டை (#FFA500), அதன் மேல் வெள்ளை எழுத்தில் அறிவிப்புகள். இரண்டாவதில் வெள்ளைப் பின்னணியில் நாள்காட்டி. தேர்வு நாள்கள் பச்சை எண்களில் (#008000), விடுமுறை நாள்கள் சிவப்பு எண்களில் (#CC0000).

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடலாம். வெள்ளையின் மேல் கறுப்பு என்றால் 21:1, அதுவே உச்சம். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது WCAG எனும் சர்வதேச வழிகாட்டி. ஆரஞ்சுப் பட்டையின் வெள்ளை எழுத்துக்குக் கிடைப்பதோ சுமார் 2:1தான். வெயிலில் நின்று செல்போனில் பார்க்கும் பெற்றோருக்கு அந்த அறிவிப்பு கண்ணுக்கே தட்டுப்படாது. எழுத்தைக் கறுப்பாக மாற்றினால் போதும், விகிதம் 10.6 ஆகிவிடும்.

இரண்டாவது மாதிரியில் பச்சை 5.1, சிவப்பு 5.9. இரண்டும் தேறிவிட்டன. ஆனால் ஆபத்து இதில்தான் இருக்கிறது.

இந்தச் சோதனை ஒவ்வொரு நிறத்தையும் வெள்ளையோடுதான் ஒப்பிட்டது. பச்சையையும் சிவப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் விகிதம் வெறும் 1.15. அதாவது இரண்டின் ஒளியும் ஏறக்குறைய ஒன்று. நிறம் மட்டுமே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. நிறக்குருடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குழம்புவது இந்தச் சிவப்பு–பச்சை வேறுபாடுதான். அப்படிப்பட்ட மாணவனுக்கு இரண்டும் ஒரே மங்கிய பழுப்பாகத் தெரியலாம். எண்களைத் தெளிவாகப் படிப்பான். எது தேர்வு, எது விடுமுறை என்பது மட்டும் பிடிபடாது.

இதை நேரில் பார்க்க, ஸ்கிரீன்ஷாட்டை குரோம் உலாவியில் திறந்து, டெவலப்பர் கருவிகளில் Rendering பகுதிக்குப் போய், Emulate vision deficiencies என்பதில் Deuteranopia, Protanopia இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். சிவப்பை உணரும் செல்கள் இயங்காதவர்களுக்குச் சிவப்பு இருண்டும் தெரியும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்தால், கணக்கு சொல்லும் விகிதம்கூட அவர்களுக்குக் கிடைக்காது.

ஸ்கிரீன்ஷாட் PNG கோப்பாக இருப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் நிறங்கள் சற்றே திரிந்திருக்கும். எழுத்தின் ஓரங்களும் பின்னணியோடு கலந்திருக்கும் என்பதால், படத்தைப் பெரிதாக்கி, தடித்த கோட்டின் நடுவிலிருந்து நிறத்தை எடுக்க வேண்டும்.

நாள்காட்டிக்கு நீலமும் (#0072B2) ஆரஞ்சும் (#E69F00) பொருந்தும். நீலக் கட்டத்தில் வெள்ளை எழுத்துக்கு 5.2, ஆரஞ்சுக் கட்டத்தில் கறுப்பு எழுத்துக்கு 9.3. இவ்விரு நிறங்களுக்கு இடையிலேயே 2.3 வேறுபாடு இருப்பதால், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் ஒன்று கருமையாகவும் மற்றொன்று வெளிறியும் நிற்கும். அப்போதும் நிறத்தை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணுக்குக் கீழே ‘தேர்வு’, ‘விடுமுறை’ என்று எழுதிவிட வேண்டும்.