ஏமாற்றாதவர்களுக்குள் ஒரு விலைப்போர்

1879-இல் சிகாகோவிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குத் தானியம் ஏற்றிய ரயில் கம்பெனிகள் வெளிப்படையாகவே ஒரு சிண்டிகேட் அமைத்தன. அதைத் தடுக்கும் ஷெர்மன் சட்டம் வர இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. கட்டணத்தைப் பேசி முடித்து, யாருக்கு எவ்வளவு சரக்கு என்று பங்கும் பிரித்தார்கள். பேச்சை மீறினால் கேட்க எந்தக் கோர்ட்டும் கிடையாது. அப்படியும் அது பல ஆண்டுகள் ஓடியது.

கணக்கை எளிதாக்க, இரண்டே கம்பெனிகள் என்று கொள்வோம். சேர்ந்து நின்றால் வாரம் 100 டாலர் லாபம், ஆளுக்கு 50. ஒருவர் ரகசியமாக ஒரு சென்ட் குறைத்தால் இந்த வாரம் கிட்டத்தட்ட 100-ஐயும் அள்ளிவிடலாம். ஆனால் அடுத்த வாரமே மற்றவரும் விலையை அடிமட்டத்துக்கு இறக்கி, என்றைக்கும் ஏற்றமாட்டார். இந்த மிரட்டலுக்குத்தான் தூண்டல் உத்தி என்று பெயர்.

ஏமாற்றுவது லாபமா? அடுத்த வாரம் வரும் ஒரு டாலரை இன்று எவ்வளவாக மதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. அந்த எண்தான் தள்ளுபடிக் காரணி. அது 0.5 என்றால் 50, 25, 12.5 என்று தேய்ந்துகொண்டே போகும் வருமானம் மொத்தம் சரியாக 100. ஏமாற்றினாலும் அதே 100. 0.5-க்கு மேல் போனால் வாக்கைக் காப்பதே லாபம். கீழே இறங்கினால் சிண்டிகேட் உடையும். மூன்று கம்பெனிகள் என்றால் ஒருவர் பங்கு சிறுத்துவிடுகிறது, 0.67 வேண்டும். ஐந்து என்றால் 0.8. திருட்டைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனால், இருவருக்கே 0.71 தேவை. ஆக, ஆள் கூடினாலும் தகவல் தாமதித்தாலும் கூட்டு ஆட்டம் காணும்.

ஒரு வாரத்தில் பணத்தின் மதிப்பு பெரிதாகக் கரைந்துவிடாது; காரணி 1-ஐ ஒட்டியே இருக்கும். கணக்குப்படி சிண்டிகேட் அசையவே கூடாது. ஆனால் 1880 முதல் 1886 வரை கட்டணம் திடீரென்று சரிவதும், சில வாரங்கள் கழித்து மீள்வதுமாக இருந்தது.

சிக்கல் இதுதான்: வியாபாரிக்குப் போட்டிக் கம்பெனி ரகசியமாகக் கொடுக்கும் கழிவு யார் கண்ணுக்கும் படாது. தன் வண்டியில் ஏறும் மூட்டை குறைவதுதான் தெரியும். ஏரிகளில் பனி உருகிக் கப்பல்கள் ஓடத் தொடங்கினாலும் குறையும். அதையாவது காலண்டரைப் பார்த்து ஊகிக்கலாம். வரத்தே மந்தமாகிக் குறைந்தால்? எட்வர்ட் கிரீனும் ராபர்ட் போர்ட்டரும் 1984-இல் தந்த விடை விசித்திரமானது. காரணம் எதுவானாலும், சரக்கு ஓர் அளவுக்குக் கீழே போனால் சில வாரம் விலைப்போர், பிறகு பழைய கட்டணம். யாருமே ஏமாற்றவில்லை என்று எல்லோருக்கும் உள்ளூரத் தெரிந்தாலும் போரை நடத்தியே ஆகவேண்டும். ஒரு முறை விட்டுக்கொடுத்தால், “சந்தை மந்தம்” என்ற சாக்கில் அடுத்த வாரமே ஒருவர் கழிவு கொடுக்கத் தொடங்கிவிடுவார்.