மாவுக்கட்டுக்குள் ஏறும் அழுத்தம்

பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எலும்பை நேராக்கி, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டாயிற்று. இரவு 10 மணிக்கு வலி ஊசியும் போட்டார்கள். 12 மணிக்கு மறுபடி கூப்பிடுகிறார்: "சிஸ்டர், தாங்க முடியல."

எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் போகக்கூடாத நேரம் இது. முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளில் இருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் விரிந்துகொடுக்காத கெட்டியான சவ்வு மூடியிருக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்து வீங்கினால் அழுத்தம் ஏறி நுண்ணிய ரத்தக்குழாய்களை நசுக்கும். வெளியே மாவுக்கட்டும் இறுக்கும். இதுதான் கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம். ஏறத்தாழ 6 மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை மீளாத அளவுக்குக் கெடத் தொடங்கும்.

சிஸ்டர் அவருடைய கால் பெருவிரலைப் பிடித்து மெதுவாகக் கீழ்நோக்கி மடக்குகிறார். இளைஞர் அலறிவிடுகிறார். முன்புறத் தசை இழுபடும்போது எழும் இந்த வலி முக்கியமான அடையாளம். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தொட்டால் மரத்திருக்கிறது. பாதமோ வெதுவெதுப்பாக இருக்கிறது, விரல் நுனியை அழுத்தி விட்டால் உடனே சிவக்கிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். நுண்குழாய்கள் அடைபடும் அழுத்தத்திலும் பெரிய தமனியில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். நாடி நிற்பதும், கால் வெளுப்பதும், விரல் அசையாமல் போவதும் காலம் கடந்தபின் வருபவை.

சிஸ்டர் உடனே எலும்பு டாக்டரை அழைக்கிறார். மாவுக்கட்டை இருபுறமும் முழு நீளத்துக்குப் பிளக்கிறார்கள். உள்ளிருக்கும் பஞ்சையும் துணியையும் தோல் தெரியும்வரை வெட்டினால்தான் இறுக்கம் தளரும். வீக்கம் வடிய அதுவரை தலையணைமேல் உயர்த்தியிருந்த காலை இதயத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இன்னும் உயர்த்தினால் அங்கே போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வாய்வழியாக எதுவும் கொடுப்பதில்லை.

அறைக்குள் அளந்த அழுத்தம் 45. அவருடைய ரத்த அழுத்தத்தின் கீழ் எண் 70. வித்தியாசம் 25 தான். 30-க்குக் கீழே வந்தால், மற்ற அறிகுறிகளும் இருக்கும்போது, சவ்வைக் கீறி அழுத்தத்தை வெளியேற்றுவார்கள். காயத்தை உடனே தைக்காமல் சில நாள் திறந்தே வைத்திருப்பார்கள்.

எடை தொங்கவிட்டு ட்ராக்‌ஷன் போட்டவருக்கும் இதே சோதனைதான். தோல்மேல் சுற்றிய கட்டு இறுகினால் தளர்த்திச் சுற்றலாம். ஆனால் எலும்பில் கம்பி செருகித் தொங்கவிட்ட எடையை டாக்டர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. எடை தரையிலோ கட்டிலிலோ முட்டாமல் தொங்க வேண்டும். கடுமையான வலியில்லாமல் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால், முழங்காலின் வெளிப்பக்க நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறு குழந்தையால் மரத்துப்போவதைச் சொல்லத் தெரியாது. ஓயாத அழுகையும், திரும்பத் திரும்ப வலி மருந்து தேவைப்படுவதும்தான் அங்கே அறிகுறி. மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனபின் இப்படி ஆனால், விடியும்வரை காத்திராமல் அந்த இரவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.