ஸ்கூட்டருக்கு எத்தனை பேனல் வேண்டும்?

மின்சார ஸ்கூட்டர் வாங்கிய கையோடு மொட்டைமாடியில் சோலார் போட விசாரிப்பவர்கள் பலர், "வண்டியில் 3 கிலோவாட் ஹவர் பேட்டரி, அதற்கு 3 கிலோவாட் பேனல் போதுமா?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கிலோவாட் ஹவர் என்பது நாம் கட்டணம் செலுத்தும் யூனிட். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை அது சொல்கிறது. கிலோவாட்டோ, மின்சாரம் எந்த வேகத்தில் வருகிறது என்பதைச் சொல்கிறது. அதோடு, பேட்டரியை யாரும் தினமும் முழுவதுமாகக் காலி செய்வதில்லை. எனவே கணக்கைத் தினசரி ஓட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மதுரையில் ஒருவர் வேலைக்குப் போய்வர நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகர ஓட்டத்தில் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட் ஹவர் எடுக்கும். ஆக, பேட்டரியிலிருந்து போவது 0.9 யூனிட். சார்ஜரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், சுவர் பிளக்கிலிருந்து ஏறக்குறைய 1 யூனிட் இழுக்கும்.

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 540 வாட் பேனல் ஒன்று 2 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகத் தரும். வண்டிக்குத் தேவையானது அதில் பாதிதான்! ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் உற்பத்தி பாதிக்கும் கீழே போகலாம். மற்ற மாதங்களின் உபரி அதை ஈடுகட்டிவிடும்.

அப்படியானால் ஒரே பேனலை வாங்கி வண்டிக்கு நேராக இணைத்துவிடலாமா? முடியாது. வீட்டுச் சார்ஜர் ஒன்று 750 வாட் இழுக்கிறது என்றால், உச்சி வெயிலில் சூடேறிய 540 வாட் பேனல் தருவது 400 வாட்டைச் சற்றுத்தான் தாண்டும். நாள் கணக்கு சரியாக வந்தாலும் அந்த நொடிக்கு வாட் போதாது. மேகம் மறைத்தால் அதுவும் குறையும்.

இன்னொரு தடை, பேனல் வேலை செய்யும் பகலில் வண்டி அலுவலக வாசலில் நிற்பது. இந்த இரண்டுக்கும் மின்வாரிய இணைப்போடு சேர்ந்த ஆன்-கிரிட் முறையே நல்ல வழி. பகல் உபரியை நெட் மீட்டர் வரவு வைக்கும். இரவில் சார்ஜ் ஏற்றும்போது அது கழியும். தனியாகச் சோலார் பேட்டரி வாங்கும் செலவும் மிச்சம்.

ஆனால் ஒரு விஷயத்தை விற்பனையாளரிடம் முன்பே கேட்டுத் தெளிவது நல்லது. மின்தடை வந்தால், எவ்வளவு வெயில் அடித்தாலும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் ஊழியர் மீது மின்சாரம் பாயாமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. மின்தடையிலும் சார்ஜ் ஏற வேண்டுமென்றால் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தேவை, விலையும் கூடும்.

விலைப்புள்ளி கேட்கும் முன், பிளக்கில் செருகி யூனிட் காட்டும் சிறு மீட்டரை வாங்கி, ஒரு வாரம் சார்ஜருக்கு மாட்டிப் பாருங்கள். அது காட்டும் யூனிட்டை 7-ஆல் வகுத்து, வருவதை 4-ஆல் வகுத்தால், உங்கள் வண்டிக்கு எத்தனை கிலோவாட் பேனல் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.