நீட் தேர்வின் 180 நிமிடங்கள்: எதை முதலில் எழுதுவது, எதை விட்டு நகர்வது

இளநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு, 2025-ல் மீண்டும் மூன்று மணி நேரத் தேர்வானது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் 200 நிமிடம் கிடைத்தது. 200 வினாக்களில் 180-ஐத் தெரிவுசெய்து எழுதும் வாய்ப்பும் இருந்தது. 2025-ல் இரண்டும் நீக்கப்பட்டன. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என 180 வினாக்கள். பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை 180 நிமிடங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும், விடப்பட்ட வினாவுக்கு எதுவும் இல்லை. மொத்தம் 720.

வினாவுக்கு ஒரு நிமிடம் என்று இதைப் படிப்பதுதான் முதல் பிழை. வட்டங்களைக் கருமையாக்கவும் நேரம் வேண்டும். ஒரு வட்டத்தைப் பேனாவால் ஒழுங்காக நிரப்ப ஐந்து விநாடி என்றாலும் 180 வட்டங்களுக்குக் கால் மணி நேரம் போய்விடும். வினாக்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. உயிரியலில் நன்கு படித்தவர் அரை நிமிடத்தில் முடிக்கும் வினாவுக்கும், இயற்பியலில் இரண்டு சமன்பாடுகளை எழுதித் தீர்த்த பின்பே விடை கிடைக்கும் வினாவுக்கும் அதே 4 மதிப்பெண்தான். நேரப் பங்கீடு முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

2025 வினாத்தாளில் 1 முதல் 45 வரை இயற்பியல், 46 முதல் 90 வரை வேதியியல், 91 முதல் 180 வரை உயிரியல் என்ற வரிசை இருந்தது. அச்சிட்ட வரிசையிலேயே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனாலும் பலர் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். இயற்பியல் வினாவுக்குச் சராசரியாக இரண்டு நிமிடம் ஆனால் 45 வினாக்களுக்கு 90 நிமிடம். பாதி நேரம் தீர்ந்திருக்கும். கையில் இருப்பதோ கால் பங்கு மதிப்பெண்ணுக்கான வினாக்கள் மட்டும். மீதி 90 நிமிடத்தில் 135 வினாக்களை முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் அடிபடுவது உயிரியல். ‘தவறான கூற்று எது’ என்பதைச் ‘சரியான கூற்று எது’ என்று வாசித்துவிடுவது, நான்கு கூற்றுகளில் இரண்டை மட்டும் படித்துவிட்டு விடையைத் தொடுவது போன்ற பிழைகள் தெரியாமையால் வருபவை அல்ல, நேரமின்மையால் வருபவை. 2025-ல் இயற்பியல் பகுதி வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தது. அங்கிருந்து தொடங்கியவர்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும்.

ஆகவே பெரும்பாலோருக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல் என்ற வரிசையே பாதுகாப்பானது. பாதி மதிப்பெண்ணைத் தாங்கும் பகுதி மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். கணக்கில் வலுவானவர்கள் வேதியியலில் தொடங்கினாலும் குறையில்லை. ஆனால் எந்த வரிசையும் மாதிரித் தேர்வுகளில் பழகியதாக இருக்க வேண்டும். தேர்வறையில் வினாத்தாளைப் பார்த்த பிறகு வரிசையை மாற்றுவது ஆபத்து. நடுவிலிருந்து தொடங்குபவர் விடைத்தாளில் 91-ம் எண்ணுக்கு உரிய வட்டத்தை நிரப்ப வேண்டும். பழக்கமில்லாத கை 1-ம் எண்ணுக்குப் போய்விடும்.

அடுத்தது, எந்த வினாவை எப்போது விடுவது என்பது. ஒரு வினாவைப் படித்த 20 விநாடிக்குள் மூன்றில் ஒரு நிலை தெரிந்துவிடும். விடையோ விடைக்கான வழியோ தெரிந்தால் அப்போதே எழுதலாம். வழி தெரிகிறது, ஆனால் கணக்கு நீளம் என்றால் வினா எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நகரலாம். பாடமே புரியவில்லை என்றால் பெருக்கல் குறி. இந்தக் குறிகள் வினாத்தாளில் மட்டும்தான். விடைத்தாளில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது.

விடுவதற்குத் தயங்குவது இயல்பு. இரண்டு நிமிடம் செலவழித்த பிறகு, இன்னும் ஒரு நிமிடத்தில் வந்துவிடும் என்று மனம் சொல்லும். ஆனால் போன இரண்டு நிமிடம் திரும்பாது. அடுத்த நிமிடத்தை இந்த வினாவுக்குக் கொடுப்பதா, பின்னால் காத்திருக்கும் இன்னும் படிக்காத எளிய வினாவுக்குக் கொடுப்பதா என்பது மட்டுமே கேள்வி. இயற்பியலின் 45-ம் வினா ஒரே வரி வாய்பாடாக இருக்கலாம். 12-ம் வினாவில் மாட்டிக்கொண்டவருக்கு அது தெரியவே தெரியாது. எனவே முதல் சுற்றில் எந்த வினாவுக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு வேண்டும். கணக்கின் நடுவில் இரண்டாம் முறை அடித்து எழுத நேர்ந்தால் அதுவே விட வேண்டிய இடத்தின் அடையாளம்.

நடுத்தரத் தயாரிப்புள்ள ஒரு மாணவியின் மூன்று மணி நேரத்தை இப்படிக் கற்பனை செய்யலாம். 2 மணிக்கு உயிரியல் தொடங்குகிறது. 90 வினாக்களில் 80-க்கு அரை நிமிடம் வீதம் 40 நிமிடத்தில் விடை காண்கிறார். 10 வினாக்களைப் படித்து வட்டமிட்டு விடுகிறார். வட்டம் நிரப்பும் நேரத்தையும் சேர்த்து 2.50-க்கு உயிரியல் முடிகிறது. வேதியியலில் 36 வினாக்களை முடித்து 9-ஐ விடுகிறார், மணி 3.35. இயற்பியலில் 30 முடிகிறது, 15 நிற்கிறது, மணி 4.31. இப்போது 34 வினாக்கள் மீதம், நேரம் 29 நிமிடம். இயற்பியலையே தொடர்ந்து இழுக்காமல் அவர் உயிரியலுக்குத் திரும்புகிறார். இரண்டாம் முறை படிக்கையில் அங்கே எட்டு வினாக்கள் ஐந்து நிமிடத்தில் அடங்குகின்றன. வேதியியலில் ஐந்து வினாக்களுக்கு ஏழு நிமிடம், இயற்பியலில் வழி தெரிந்த ஐந்துக்குப் பத்து நிமிடம். 4.53-க்கு 164 வினாக்களுக்கு விடை எழுதப்பட்டிருக்கிறது. மீதி ஏழு நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்க. எஞ்சிய 16 வினாக்கள் வெறுமையாகவே இருக்கின்றன. அதில் பிழை ஒன்றுமில்லை.

கைக்கடிகாரம் கட்டிச்செல்ல அனுமதி இல்லாததால், அறையில் கடிகாரம் எங்கே இருக்கிறது என்பதை உட்கார்ந்தவுடன் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி நேரம் முடிந்ததும் அடிக்கும் மணி நல்ல அளவுகோல். 3.30-க்கு வேதியியல் முடியும் தறுவாயில் இருக்க வேண்டும். அப்போதும் உயிரியலிலேயே இருந்தால், அடுத்த பகுதிகளில் இரண்டு நிமிட வரம்பை ஒரு நிமிடமாகக் குறைக்க வேண்டும்.

வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று வைத்திருப்பது மிகப் பெரிய ஆபத்து. நேரம் முடிந்தால் வினாத்தாளில் குறித்த விடைகளுக்கு மதிப்பே இல்லை. ஒவ்வொரு வினாவுக்கும் உடனுக்குடன் நிரப்பினால் கவனம் சிதறும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை எண்ணைச் சொல்லிச் சொல்லி நிரப்புவது நடுவழி. விட்ட வினா இருக்கும் இடத்தில்தான் எண் தவறும். ஒரு வரி நழுவினால் அதற்குப் பிறகான அத்தனை விடைகளும் தவறாகிவிடும். பேனாவால் நிரப்பிய வட்டத்தைத் திருத்த முடியாது. ஒரே வினாவுக்கு இரண்டு வட்டங்கள் நிரப்பினால் அது தவறான விடையாகவே கொள்ளப்படும்.

ஊகம் பற்றிய கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. நான்கு தெரிவுகளில் கண்மூடித்தனமாக ஒன்றைத் தொட்டால், நான்கு முறைக்கு ஒரு முறை 4 மதிப்பெண் வரும், மூன்று முறை ஒவ்வொன்று போகும். ஆக வினாவுக்குக் கால் மதிப்பெண் ஆதாயம். 20 வினாக்களுக்குச் சராசரியாக 5 மதிப்பெண். ஆனால் 20-ல் நான்குக்குக் குறைவாகச் சரியானால் நஷ்டம். அப்படி நேரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று அதிகம். இரண்டு தெரிவுகளை உறுதியாக நீக்க முடிந்தாலோ கணக்கே வேறு: வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் ஆதாயம். அங்கே ஊகிக்கலாம். ஒன்றையும் நீக்க முடியாத வினாவை விட்டுவிடுவதே நிதானம். கால் மதிப்பெண்ணுக்காக அந்த நேரத்தைச் சரிபார்ப்பிலிருந்து எடுக்கத் தேவையில்லை.

இத்தனை திட்டமும், 180 நிமிடமும் முழுதாகக் கிடைத்தால்தான் பலிக்கும். அது தேர்வரின் உரிமை. வினாத்தாளின் குறியீடும் விடைத்தாளின் குறியீடும் ஒன்றுதானா, பக்கங்கள் முழுமையா, விண்ணப்பத்தில் கேட்ட மொழியில் தாள் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். குறியீடு பொருந்தவில்லை என்றால் இரண்டு தாள்களையும் மாற்றித் தரக் கேட்கலாம். தமிழில் எழுதுபவருக்கு இருமொழித் தாள் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஆகவே தமிழ் வாக்கியம் ஒரு முறைக்கு மேல் தடுக்கினால் உடனே ஆங்கில வரியைப் பார்ப்பது நேரத்தையும் காக்கும். எழுதுவதில் தடை உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய சான்றிதழின் பேரில் ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. உடன் எழுதுபவரை வைத்துக்கொள்ளாவிட்டாலும் அது பொருந்தும். இதை விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட வேண்டும்.

தாள் தாமதமாகவோ மாற்றியோ கொடுக்கப்பட்டு நேரம் வீணானால், அறைக் கண்காணிப்பாளரிடம் அப்போதே சொல்லி, இழந்த நிமிடங்களைக் குறிப்பிட்டு, தேர்வு முடிந்ததும் மையக் கண்காணிப்பாளரிடமும் தேசியத் தேர்வு முகமையிடமும் எழுத்தில் புகார் தர வேண்டும். 2024-ல் சில மையங்களில் நேரம் இழந்த 1,563 பேருக்கு முகமை கருணை மதிப்பெண் வழங்கியது. அதனால்தான் 718, 719 போன்ற மதிப்பெண்கள் வெளிவந்தன. இயல்பான கணக்கில் 720-க்கு அடுத்து ஒரு வினாவை விட்டவருக்கு 716, ஒன்றைத் தவறாக எழுதியவருக்கு 715 மட்டுமே வரும். விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றபின் கருணை மதிப்பெண் திரும்பப் பெறப்பட்டது. ஜூன் 23 அன்று மறுதேர்வு நடந்தது, 813 பேர் எழுதினார்கள். 2025-ல் மழையும் மின்தடையும் இடையூறு செய்ததாகச் சென்னை ஆவடியில் தேர்வெழுதியவர்கள் மறுதேர்வு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பாதிப்பு நடந்தது என்பது மட்டும் போதாது, எவ்வளவு என்பதையும் காட்ட வேண்டியிருக்கிறது. நிமிடக் கணக்கோடு அன்றே எழுதிய புகார் அதற்கு உதவும்.

தேர்வுக்குப் பின் முகமை தற்காலிக விடைக்குறிப்பையும் ஸ்கேன் செய்த விடைத்தாள் படத்தையும் இணையத்தில் வெளியிடும். வினாவுக்கு 200 ரூபாய் கட்டி விடைக்குறிப்பையும், தன் வட்டம் தவறாக வாசிக்கப்பட்டிருந்தால் அதையும் எதிர்க்கலாம். கட்டணம் திரும்பி வராது. அவகாசம் சில நாட்கள்தான். எந்த வட்டத்தை நிரப்பினோம் என்பது நினைவில் இருந்தால்தான் இந்த வாய்ப்பு பயன்படும். எனவே அறையை விட்டு எடுத்துவரும் வினாத்தாளில், தொட்ட தெரிவைப் பக்கத்துக்குப் பக்கம் சிறிதாகக் குறித்துவைத்தவர்களுக்கே ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் இருக்கும்.